வாகனத் திருட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால்: வக்கீல் நோட்டீஸும் காலவரையறையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் திருடு போன மறுநாளே போலீசில் புகார் கொடுத்துவிட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிவித்தோம். அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டி நிராகரித்துவிட்டார்கள். இது செல்லுமா?

பெரும்பாலும் செல்லாது. இழப்பு நேர்ந்தவுடன் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை மோட்டார் பாலிசியில் இருப்பது உண்மைதான். அந்த நிபந்தனையைத் திருட்டுக்கு எப்படிப் பொருத்துவது என்பதில் உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு காலத்தில் இருவேறு தீர்ப்புகள் இருந்தன. குர்ஷிந்தர் சிங் எதிர் ஸ்ரீராம் ஜெனரல் இன்சூரன்ஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரி 24 அன்று அந்த முரண்பாட்டைத் தீர்த்தது. அங்கே திருடு போனது ஒரு டிராக்டர். போலீசில் உடனே வழக்குப் பதிவாகியிருந்தது. நிறுவனத்துக்குத் தகவல் போனது 52 நாள் தாமதமாக. ஆனாலும் உரிமையாளருக்கே தொகை கிடைத்தது.

அத்தீர்ப்பின் தருக்கத்தைப் புரிந்துகொண்டால்தான் நோட்டீஸைச் சரியாக எழுத முடியும். விபத்து என்றால் சேதமடைந்த வண்டியைச் சர்வேயர் நேரில் பார்க்க வேண்டும். தாமதமானால் அந்த வாய்ப்பு கெட்டுவிடும். திருட்டில் பார்ப்பதற்கு வண்டியே இல்லை. தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது போலீஸ். நிறுவனம் அனுப்பும் புலனாய்வாளரும் கடைசியில் போலீஸ் ஆவணங்களைத்தான் சார்ந்திருக்கிறார். ஆகவே உடனே செய்ய வேண்டிய செயல் போலீசுக்குத் தெரிவிப்பது. அது நடந்துவிட்டால், நிறுவனத்துக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதம் மட்டுமே கோரிக்கையை அழித்துவிடாது. 2022 பிப்ரவரியில் ஜெய்னா கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில், தகவல் ஐந்து மாதத்துக்கு மேல் தாமதமான நிலையிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியைப் பின்பற்றியது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும், தாமதத்தை மட்டும் வைத்து உண்மையான கோரிக்கைகளை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று 2011 செப்டம்பர் 20 அன்றே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

போலீசில் புகார் மறுநாள் கொடுத்தோம், ஆனால் எப்.ஐ.ஆர். ஒரு வாரம் கழித்துத்தான் போட்டார்கள். அதைப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா?

பிடித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு வழக்குகளில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மேலே சொன்ன தீர்ப்பு, போலீசுக்கு உடனே சொன்னவரைத்தான் காக்கிறது. போலீசிடமே தாமதமாகப் போனவருக்கு அது அரண் ஆகாது. நிறுவனத்தின் பதிலிலோ எப்.ஐ.ஆர். தேதி மட்டுமே இருக்கும். புகார் கொடுத்த தேதி இருக்காது.

புகாரைப் பெற்றதும் காவல் நிலையத்தில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது உங்களிடம் இருந்தால், அதன் எண்ணையும் தேதியையும் நோட்டீஸின் தொடக்கப் பத்திகளிலேயே குறிப்பிட வேண்டும். ரசீது கொடுக்கவில்லை என்றால், 100 அல்லது 112 எண்ணுக்கு அழைத்த பதிவு, இணையவழிப் புகாரின் ஒப்புகை, மேலதிகாரிக்கு அனுப்பிய தபாலின் ரசீது ஆகியவற்றில் எது இருக்கிறதோ அது பயன்படும். எப்.ஐ.ஆரின் உள்ளே புகார் பெறப்பட்ட தேதியும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். பதிவுத் தேதியை மட்டும் பார்த்துவிட்டு இந்த வரியை நிறுவனங்கள் தவறவிடுவது உண்டு. நம் தரப்பில் தவறவிடக் கூடாது.

நோட்டீஸ் அனுப்பாமல் நேராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாதா?

போகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நோட்டீஸை முன்நிபந்தனையாக்கவில்லை. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் என்றாலும் அதற்கு அரசுக்கு அனுப்பும் முன்னறிவிப்பு தேவையில்லை.

இருந்தும் நான் பெரும்பாலான கட்சிக்காரர்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் புதிதாகக் கொண்டுவரக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே "தாங்கள் கூறியுள்ள ஒரே காரணம் இதுதான்" என்று நோட்டீஸிலேயே பதிவு செய்துவிட்டால், வழக்கின் எல்லை அங்கேயே வரையப்பட்டுவிடுகிறது. நிறுவனத்தின் புலனாய்வாளர் தந்த அறிக்கையின் நகலையும் அதே நோட்டீஸில் கேட்கலாம். பல கோப்புகளில் அந்த அறிக்கை திருட்டு உண்மைதான் என்று ஒப்புக்கொண்டிருக்கும். நிறுவனம் அதைத் தானாக வெளியில் காட்டாது.

நோட்டீஸில் என்னென்ன இருக்க வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

ஒரு கற்பனைக் கோப்பை எடுத்துக்கொள்வோம். 1,200 சி.சி. தனியார் கார், பாலிசியில் எழுதப்பட்ட வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி. 4,20,000 ரூபாய். 2023 ஆகஸ்ட் 12 இரவு வீட்டு வாசலில் இருந்து திருடு போனது. ஆகஸ்ட் 13 காலையில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது பெற்றார்கள், ஆகஸ்ட் 19 அன்று எப்.ஐ.ஆர். பதிவானது. செப்டம்பர் 4 அன்று நிறுவனத்துக்குத் தகவல் போனது. கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் இறுதி அறிக்கை 2024 ஜனவரியில் நீதித்துறை நடுவரிடம் தாக்கலானது. 2024 மார்ச் 18 தேதியிட்ட கடிதத்தில் "முதல் நிபந்தனை மீறல், 22 நாள் தாமதம்" என்று கூறி நிராகரித்தார்கள்.

இக்கோப்பில் நோட்டீஸ் நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். பாலிசி எண், காலம், ஐ.டி.வி., கோரிக்கை எண் ஆகியவற்றைச் சொல்லித் தரப்பினரை அடையாளப்படுத்த வேண்டும். பிறகு தேதி வரிசையில் நிகழ்வுகளை, எப்.ஐ.ஆரில் உள்ளதற்கு ஒரு சொல்லும் முரணாகாமல், எழுத வேண்டும். வண்டியை எங்கே நிறுத்தியிருந்தோம், கடைசியாக எப்போது பார்த்தோம் என்பவற்றில் நோட்டீஸுக்கும் எப்.ஐ.ஆருக்கும் சிறு வேறுபாடு இருந்தால்கூட, அதையே நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்வார். மூன்றாவது, நிராகரிப்புக் காரணத்துக்கான பதில். நான்காவது, கேட்கும் தொகையும் கெடுவும்.

மூன்றாவது பகுதி ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"எமது கட்சிக்காரரின் கோரிக்கையைத் தாங்கள் நிராகரிக்கக் கூறியுள்ள ஒரே காரணம், தங்களுக்குத் தகவல் அளிப்பதில் 22 நாள் தாமதம் ஏற்பட்டது என்பதாகும். திருட்டு நிகழ்ந்த மறுநாளான 13-08-2023 அன்றே காவல் நிலையத்தில் புகார் அளிக்கப்பட்டதும், வாகனத்தைக் கண்டுபிடிக்க இயலவில்லை எனக் காவல்துறை இறுதி அறிக்கை தாக்கல் செய்திருப்பதும் தங்களால் மறுக்கப்படவில்லை. திருட்டு பொய்யானது என்றோ, தாமதத்தால் தங்களுக்கு இன்ன பாதகம் நேர்ந்தது என்றோ தங்கள் கடிதத்தில் எங்கும் கூறப்படவில்லை. இந்நிலையில் தங்கள் நிராகரிப்பு உச்ச நீதிமன்றம் வகுத்துள்ள சட்ட நிலைக்கு முரணானதும், சேவைக் குறைபாடும் ஆகும்."

தாமதத்துக்கு உண்மையான காரணம் இருந்தால் அதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். போலீஸ் தேடிக்கொண்டிருந்தது, வண்டி கிடைத்துவிடும் என்று காத்திருந்தோம் என்பது கௌரவமான காரணம்தான். "தாமதம் எங்கள் தவறு, மன்னித்து அனுமதிக்க வேண்டுகிறோம்" என்ற நடை கூடாது. இப்படிப்பட்ட மன்னிப்புக் கடிதத்தைக் கட்சிக்காரர் ஏற்கெனவே கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது அடிக்கடி நடப்பதால், நோட்டீஸ் தயாரிக்கும் முன் வழக்கறிஞர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொகையைப் பொறுத்தவரை, 1,500 சி.சி. வரையிலான தனியார் காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் என்பதால் 4,19,000 ரூபாய், நிராகரிப்புத் தேதியிலிருந்து வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, நோட்டீஸ் செலவு என்று தனித்தனியாகக் கேட்பது நல்லது. ஐ.டி.வி.யை மிஞ்சி வண்டியின் சந்தை விலையைக் கேட்டால் பலன் இல்லை. கெடு 15 நாள் போதும். வண்டி கடனில் வாங்கியது என்றால், நிதி நிறுவனத்துக்கும் நோட்டீஸின் நகலை அனுப்புங்கள். தொகை வரும்போது முதல் உரிமை அதற்குத்தான்.

பாலிசி வழங்கிய கிளைக்கும் பதிவு அலுவலகத்துக்கும் சேர்த்து முகவரியிட வேண்டும். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ப்பித்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்தினால் போதுமானது. நோட்டீஸ் தமிழிலும் இருக்கலாம். ஆனால் படிக்கப்போகும் சட்டப் பிரிவு பெரும்பாலும் வேறு மாநிலத்தில் இருக்கும் என்பதால் ஆங்கிலத்தில் அனுப்புவதே வழக்கமாக இருக்கிறது.

நோட்டீஸ் அனுப்பியதும் காலவரையறை நின்றுவிடும் என்று நண்பர் சொன்னார். சரியா?

தவறு. இந்த எண்ணம்தான் நல்ல வழக்குகளைக் கொல்கிறது. நோட்டீஸ் அனுப்புவதும், நிறுவனம் பதில் எழுதுவதும், அதற்கு நாம் மறுபதில் அனுப்புவதும் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. புதிதாகத் தொடங்கி வைப்பதும் இல்லை.

கந்திமல்ல ராகவையா எதிர் நேஷனல் இன்சூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் இதைத் தெளிவாகச் சொன்னது. தீ விபத்து நடந்தது 1988இல். 1996இல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அதற்குப் பதிலும் பெற்று, அந்தப் பதிலின் தேதியிலிருந்து காலத்தைக் கணக்கிட வேண்டும் என்று வாதிட்டார்கள். அந்தப் பதில் காலவரையறையை நீட்டித்ததாக எந்த வகையிலும் கொள்ள முடியாது என்று கூறி நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. மேலே சொன்ன கோப்பில், நிறுவனம் நம் நோட்டீஸுக்கு 2025 டிசம்பரில் "மீண்டும் பரிசீலித்தோம், நிராகரிப்பு தொடர்கிறது" என்று பதில் எழுதினாலும், கணக்கு 2024 மார்ச் 18இலிருந்துதான்.

அப்படியென்றால் எந்தெந்த இடத்துக்கு எவ்வளவு காலம்?

அதே கோப்பின் தேதிகளை வைத்தே பார்ப்போம்.

நுகர்வோர் ஆணையத்துக்கு 2019 சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். உரிய நேரத்தில் கோரிக்கை கொடுத்து, பிறகு நிராகரிக்கப்பட்ட கோப்புகளில் நிராகரிப்புத் தேதியே தொடக்கமாகக் கொள்ளப்படுவது வழக்கம். கடிதம் கைக்கு வந்த நாளைச் சொல்லி வாதிட இடம் உண்டு; இருந்தாலும் கடிதத்தின் தேதியையே கணக்கில் வைப்பதுதான் பாதுகாப்பு. ஆகக் கடைசி நாள் 2026 மார்ச் 18.

சிவில் நீதிமன்றத்துக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணை, 44(பி) கூறின்படி மூன்று ஆண்டுகள். இழப்பு நேர்ந்த நாள் அல்லது கோரிக்கை மறுக்கப்பட்டிருந்தால் மறுக்கப்பட்ட நாள் என்று சட்டமே தொடக்கத்தைச் சொல்கிறது. 2027 மார்ச் 18 வரை வழி திறந்திருக்கும். ஆனால் கோரும் தொகைக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் செலுத்திய பிரீமியத்தை வைத்தே கட்டணம் கணக்கிடப்படுகிறது. அது ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை என்பதால், தனியார் கார் வழக்குகளில் பெரும்பாலும் ஒரு ரூபாயும் ஆகாது.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போவதற்கான கணக்கு வேறு விதம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையீடு செய்திருக்க வேண்டும். அதை நிறுவனம் நிராகரித்தால் அந்தப் பதில் கிடைத்ததிலிருந்து ஓராண்டு. பதிலே வராவிட்டால், முறையீடு அனுப்பி ஒரு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு. கட்சிக்காரர் 2024 ஏப்ரல் 10 அன்று முறையீடு அனுப்பி, பதில் வராமல் போயிருந்தால், 2025 மே 10க்குள் ஆம்புட்ஸ்மனிடம் போயிருக்க வேண்டும்.

ஆம்புட்ஸ்மனிடம் வக்கீல் மூலம் போகலாமா? அங்கே தோற்றால் பிறகு நுகர்வோர் ஆணையம் உண்டா?

ஆம்புட்ஸ்மன் முன் வழக்கறிஞர் ஆஜராக இடமில்லை. பாலிசிதாரரே புகார் கொடுக்க வேண்டும். இதே காரணத்தால், முன்நிபந்தனையான முறையீட்டையும் வக்கீல் நோட்டீஸை நம்பி விட்டுவிடாமல், பாலிசிதாரர் தம் கையெழுத்திலேயே ஒரு பக்கக் கடிதமாக நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குத் தனியாக அனுப்பிவிடுவது நல்லது.

ஆம்புட்ஸ்மனின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் ஆணையத்தை நாடலாம். எதிர்த் திசையில் வழியில்லை: ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மன் புகாரை ஏற்க மாட்டார். ஆம்புட்ஸ்மனிடம் கழிந்த மாதங்களை இரண்டாண்டிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற வாதம் இருக்கிறது. வாதம் என்ற அளவில்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். நாள்காட்டியில் குறிக்கக் கூடாது.

பாலிசியில் "நிராகரித்த 12 மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படும்" என்று இருக்கிறது. 14 மாதம் ஆகிவிட்டதே?

அந்த வாசகத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். சட்டம் தரும் காலத்தை ஒப்பந்தத்தின் மூலம் சுருக்கும் நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி செல்லாது. காலத்தைச் சுருக்குவது வேறு, உரிமையையே அழிப்பது வேறு என்று முன்பு ஒரு நுணுக்கமான வாதம் இருந்தது. 1997இல் வந்த திருத்தம் அந்த இரண்டாவது வகை நிபந்தனைகளையும் செல்லாதவை ஆக்கிவிட்டது. நிறுவனத்தின் பதில் நோட்டீஸில் இந்த 12 மாத வாசகம் இன்றும் வருகிறது. எழுதுபவர் பழைய மாதிரிக் கடிதத்தை அப்படியே பயன்படுத்துகிறார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

நிராகரித்ததாகவும் சொல்லவில்லை, பணமும் தரவில்லை. "ஆவணம் போதாது, கோப்பு மூடப்பட்டது" என்று ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது. எந்தத் தேதியை எடுத்துக்கொள்வது?

அந்த மின்னஞ்சலின் தேதியை நிராகரிப்புத் தேதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எதுவுமே வராத நிலையில், முடிவு சொல்லும் வரை வழக்குக்கான காரணம் தொடர்ந்து எழுந்துகொண்டே இருக்கிறது என்ற வாதம் நமக்கு உண்டு. நிறுவனமோ திருட்டு நடந்த நாளிலிருந்து இரண்டாண்டு என்று வாதிடும். இந்தச் சண்டையே தேவையில்லை என்றால், திருட்டு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் புகாரைத் தாக்கல் செய்துவிட வேண்டும். மேலே கண்ட கோப்பில் முடிவே வராமல் இருந்திருந்தால் நான் 2025 ஆகஸ்ட் 12ஐத்தான் கடைசி நாளாகக் குறித்திருப்பேன்.

இரண்டு ஆண்டு ஏற்கெனவே முடிந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

69ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆணையம் தன் காரணங்களைப் பதிவு செய்துதான் மன்னிக்க வேண்டும் என்பதால், உங்கள் மனுவும் தேதி வாரியாக, மருத்துவச் சான்று போன்ற ஆவணங்களோடு இருக்க வேண்டும். "நோட்டீஸுக்குப் பதிலை எதிர்பார்த்துக் காத்திருந்தோம்" என்பதை மட்டுமே காரணமாகச் சொல்லும் மனுக்கள் எளிதில் நிற்பதில்லை. மனு தள்ளுபடியாகிவிடும் என்ற ஐயம் வலுவாக இருந்தால், மூன்றாண்டு முடியாத வரை சிவில் வழக்கு இருக்கிறது.

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டேன் என்று எப்.ஐ.ஆரில் இருக்கிறது. அதையும் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே முழுத் தொகையை எதிர்பார்ப்பது கடினம். வெறுங்கையோடு திரும்பவும் வேண்டியதில்லை. நிபந்தனை மீறல் கோரிக்கையின் அடிப்படையையே தகர்க்காதபோது, 75 விழுக்காடு வரை வழங்கும் முறை ஒன்று உண்டு. நிறுவனங்கள் இதை நான்-ஸ்டாண்டர்டு அடிப்படை என்பார்கள். அசோக் குமார் எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில், சாவி வண்டியிலேயே விடப்பட்ட நிலையில் உச்ச நீதிமன்றம் 2023இல் 75 விழுக்காடு வழங்கியது. நம் கோப்பின் ஐ.டி.வி.க்கு அது 3,15,000 ரூபாய். நோட்டீஸில் முழுத் தொகையை முதன்மையாகவும், 75 விழுக்காட்டை மாற்றுக் கோரிக்கையாகவும் வைக்கலாம். சாவி பற்றிய உண்மையை நோட்டீஸில் மாற்றி எழுதுவதற்கு மட்டும் எந்த வழக்கறிஞரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அதே சமயம், எல்லா மீறலும் 75 விழுக்காட்டில் முடிவதில்லை. தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டி திருடு போன ஒரு வழக்கில், 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முழு நிராகரிப்பையே சரி என்றது.

நோட்டீஸ் கிடைத்ததும் பாதித் தொகை தருவதாகக் கூறி, "முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சரில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

மீதித் தொகைக்கு வழக்குத் தொடரும் எண்ணம் இருந்தால், அந்த வாசகத்தின் கீழ் அப்படியே கையெழுத்திட வேண்டாம். "எதிர்ப்புடன், மீதிக்கான உரிமைக்குப் பங்கமின்றிப் பெறுகிறேன்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள். அதை ஏற்க மறுத்தால், மறுத்ததைச் சொல்லி அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். வற்புறுத்தலால் போட்ட கையெழுத்து என்று பிறகு நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு; வாரக்கணக்கில் மௌனமாக இருந்துவிட்டு அதைச் சொன்னால் ஆணையம் நம்பத் தயங்கும். பேச்சுவார்த்தை எவ்வளவு நம்பிக்கையாக நடந்தாலும், இரண்டாண்டின் கடைசி மாதம் வந்துவிட்டால் புகாரைத் தாக்கல் செய்துவிட்டே பேசுங்கள். சமரசம் ஏற்பட்டால் நிலுவையில் உள்ள புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தடை எதுவும் இல்லை.